‘செம்மீன்’ முடிந்ததும் மனசு ஏன் லேசாகிறது? துயர முடிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ மலையாளத்தில் 1956-இல் வந்தது. நம்மில் பலர் அதைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்திருக்கிறோம். அதைப் படித்து முடித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதையின் முடிவு முழுதாக வருகிறது. இன்னும் படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மனசு லேசாக இருக்கிறது. மூன்று பேர் செத்த கதைக்கு இப்படித் தோன்றலாமா?

தோன்றலாம். கதை உங்களைத் தொடவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நன்றாகத் தொட்டதால்தான் இப்படி ஆகிறது. கதை மேலோட்டமாகப் போயிருந்தால் கனமும் வந்திருக்காது, அது இறங்கவும் வேண்டியிருக்காது. லேசாவதும் சந்தோஷப்படுவதும் ஒன்றல்ல. கருத்தம்மா செத்ததில் யாருக்கும் சந்தோஷமில்லை. அவளுக்காக நாவல் முழுக்கச் சுமந்துகொண்டு வந்த ஒன்றை இறக்கி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது என்ன என்பதற்குத்தான் இனி வரும் பதில்கள்.

அரிஸ்டாட்டில் சொன்ன கதார்சிஸ் இதுதானா?

கிட்டத்தட்ட. ‘கவிதையியல்’ நூலின் ஆறாம் அத்தியாயத்தில், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அத்தகைய உணர்வுகளின் கதார்சிஸை, அதாவது ஒருவிதச் சுத்திகரிப்பை, நிறைவேற்றுகிறது என்கிறார். எப்படி நிறைவேற்றுகிறது என்பதைச் சொல்லவில்லை. ‘அரசியல்’ நூலின் எட்டாம் பகுதியில் இசையைப் பற்றிப் பேசும்போது, கதார்சிஸைப் பிறகு கவிதை பற்றிய நூலில் விளக்குகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நம் கைக்கு வந்திருக்கும் நூலில் அந்த விளக்கம் இல்லை. அதனால்தான் இத்தனை நூற்றாண்டுச் சண்டை.

1857-இல் யாகோப் பெர்னேஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இதை மருத்துவ அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். பேதி மருந்து வயிற்றுக்குச் செய்வதைத் துன்பியல் மனதுக்குச் செய்கிறது என்பது அவர் கட்சி. (பின்னால் ஃப்ராய்ட் திருமணம் செய்த மார்த்தா பெர்னேஸ் இவருடைய அண்ணன் தம்பி வழி மகள்தான். மனநல மருத்துவத்தில் இந்தச் சொல் நுழைந்ததில் பலருக்கும் ஆச்சரியமில்லை.) அவருக்கு முன்பே ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங் வேறு மாதிரி சொல்லியிருந்தார். இரக்கமும் அச்சமும் அளவு மிஞ்சாமலும் குறையாமலும் பழகிக்கொள்வதுதான் அது என்றார். இருபதாம் நூற்றாண்டில் சிலர், உணர்வு தெளிவதுதான் கதார்சிஸ், யாருக்காக இரங்குகிறோம், எதற்குப் பயப்படுகிறோம் என்பது புரிவதுதான் விஷயம் என்றார்கள்.

என்னைக் கேட்டால், ‘செம்மீன்’ போன்ற நாவலுக்கு மூன்றாவது விளக்கம்தான் நன்றாகப் பொருந்துகிறது. வெளியேற்றம் என்ற முதல் விளக்கம்தான் எல்லாருக்கும் பிடித்தது, ஆனால் தனியாக அது நிற்பதில்லை.

அழுததால்தான் லேசானது, இல்லையா? குக்கரில் விசில் வந்ததும் அழுத்தம் குறைகிற மாதிரி?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அழுத உடனே லேசாகிவிடுவதாகத் தெரியவில்லை. நெதர்லாந்தில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுபது பேருக்குச் சோகப் படங்களைப் போட்டுக் காட்டி அவர்கள் மனநிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அழாதவர்கள் மனநிலை பெரிதாக மாறவில்லை. அழுதவர்கள் படம் முடிந்த கையோடு முன்பைவிடச் சோர்ந்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். தொண்ணூறு நிமிடம் கழித்துக் கேட்டபோதுதான் படம் பார்ப்பதற்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அழுகை முதலில் ஆளை இறக்குகிறது. ஏற்றம் பிறகுதான்.

இன்னொரு ஆய்வு 2008-இல் வந்தது. ஆட்கள் தங்கள் அழுகையைப் பற்றி எழுதிக்கொடுத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் அழுத பின் தேவலை என்றார்கள். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு எந்த மாற்றமும் இல்லை, பத்தில் ஒருவருக்கு இன்னும் மோசமாயிற்று. பக்கத்தில் யாராவது ஆறுதலாக இருந்தார்களா, அழவைத்த பிரச்சினை எந்த நிலையில் இருந்தது என்பதையெல்லாம் பொறுத்து அது மாறியது.

கண்ணீரே மருந்து என்றால் இந்த வேறுபாடு இருக்கக் கூடாது. கோபத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கோபமூட்டியவரை மனதில் நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை என்று 2002-இல் ஒரு சோதனை காட்டியது. உள்ளே இருப்பதைக் கொட்டினால் தீர்ந்துவிடும் என்பதே சந்தேகத்துக்குரிய கணக்கு. கொட்டியதற்குப் பிறகு மனதுக்கு ஒரு முடிவு கிடைத்ததா என்பதுதான் கேள்வி. நாவலில் அந்த முடிவை எழுத்தாளர் கட்டித் தருகிறார்.

சரி, ‘செம்மீன்’ முடிவில் அப்படி என்னதான் நடக்கிறது?

கதையை முதலிலிருந்து கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். மீனவர் வீட்டுப் பெண் கருத்தம்மா. சின்ன முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டி. அவள் அப்பா செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கப் பரீக்குட்டி உதவுகிறான். பிடித்த மீனை அவனுக்கே தருவதாகச் சொன்ன பேச்சைச் செம்பன்குஞ்சு காப்பாற்றவில்லை, அவன் வியாபாரம் நொடிக்கிறது. கருத்தம்மாவைப் பழனி என்ற அநாதை மீனவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

நாவலின் தொடக்கத்திலேயே அம்மா சக்கி மகளுக்கு ஒரு பழங்கதை சொல்கிறாள். கடலில் புயலோடு போராடிய முதல் மீனவனை, கரையில் நின்று தவம் செய்த மனைவியின் கற்புதான் காப்பாற்றியது. மனைவி தவறினால் கடலம்மா புருஷனைத் திருப்பித் தர மாட்டாள். இந்தக் கதை காதில் விழுந்த நிமிடத்திலிருந்து வாசகருக்கு ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு பழனி கடலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் திரும்புவானா என்று எண்ணிக்கொண்டேதான் படிக்கிறோம்.

அதே சமயம் நமக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. கருத்தம்மா ஒரு தடவையாவது பரீக்குட்டியிடம் போய்ச் சேர வேண்டும். இந்த ஆசையும் அந்தப் பயமும் ஒன்றுக்கொன்று எதிர். அவள் போனால் பழனி சாவான், போகாவிட்டால் பரீக்குட்டி பைத்தியமாய் அலைவான். பழனியும் கெட்டவன் அல்ல, ஊர் ஒதுக்கியபோதுகூட அவளை விரட்டாதவன். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டே முந்நூறு பக்கம் போகிறோம். நாம் சுமக்கும் கனம் இந்த இழுபறிதான்.

கடைசி இரவில் அது மூன்று அடியில் அவிழ்கிறது. முதலில் உண்மை வெளிவருகிறது. பழனி நேராகக் கேட்கிறான், பரீக்குட்டியை நேசித்தது உண்மை என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். இவ்வளவு நாள் அவளோடு சேர்ந்து நாமும் மறைத்து வைத்திருந்த ரகசியம் அது. பழனி தனியாகத் தோணியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறான்.

அடுத்து, ஆசைப்பட்டதும் பயந்ததும் ஒரே இரவில் நடந்துவிடுகின்றன. கரையில் பரீக்குட்டி வருகிறான், அவள் அவனிடம் போகிறாள். கடலில் பழனியின் தூண்டிலில் பெரிய சுறா மாட்டுகிறது, தோணியை இழுத்துக்கொண்டு போகிறது, சுழலில் அவன் முடிகிறான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேதனை நமக்கு அதோடு தீர்ந்துபோகிறது. இனி பயப்பட எதுவும் பாக்கி இல்லை. துக்கம் இருக்கிறது, ஆனால் தவிப்பு போய்விட்டது. தவிப்போடு கலந்த துக்கம்தான் நெஞ்சை அடைக்கும். தனித் துக்கத்தைத் தாங்கிவிடலாம்.

மூன்றாவதாக, தகழி உடனே பேச்சைக் குறைத்துவிடுகிறார். இரண்டு நாள் கழித்து ஆணும் பெண்ணும் தழுவியபடியே இரண்டு உடல்கள் ஒதுங்குகின்றன. இன்னொரு கரையில், தூண்டில் விழுங்கிய சுறா ஒதுங்குகிறது. யார் செய்தது சரி என்ற விசாரணை இல்லை, ஒப்பாரி இல்லை. ஆசிரியர் அங்கே அழத் தொடங்கியிருந்தால் நாம் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். அவர் ஒதுங்கிக்கொண்டதால் அந்த வேலை நமக்கு வந்தது.

முடிவு முன்பே தெரிந்திருந்தும் இரண்டாம் முறை அழுகை வந்தது. எப்படி?

கிரேக்க நாடகம் பார்க்கப் போனவர்களுக்கு ஈடிபஸ் கதை வீட்டிலேயே தெரியும். திடுக்கிடலுக்காக அவர்கள் போகவில்லை. தெரிந்த முடிவை நோக்கி ஒவ்வொரு நல்ல தருணமும் நகர்வதைப் பார்ப்பது இன்னும் வலிக்கும். ‘செம்மீன்’ தொடக்கத்தில் கருத்தம்மாவும் பரீக்குட்டியும் தோணி, வலை என்று பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் வாசிப்பில் அது இரண்டு சின்னஞ்சிறுசுகளின் சிரிப்பு. இரண்டாம் வாசிப்பில் அந்தத் தோணியின் விலை என்ன என்று நமக்குத் தெரியும்.

எனக்கு லேசாகவே இல்லை, கோபம்தான் வந்தது. பெண் தவறினால் புருஷனைக் கடல் கொல்லும் என்ற மூடநம்பிக்கையை நாவலே நிரூபித்துக் காட்டுகிறதே?

இந்தக் கோபம் நியாயமானது. இந்த நாவல் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிக வலுவானதும் இதுதான். கருத்தம்மா பரீக்குட்டியிடம் போன அதே இரவில் பழனி சாகிறான். இதைவிடக் கச்சிதமாகக் கடலம்மா தீர்ப்பு எழுத முடியாது.

ஆனால் சாவு நடக்கும் விதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் அவதூறு பேசி அவனைத் தங்கள் தோணியில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். அதனால் அவன் தனி ஆளாகச் சின்னத் தோணியில் போகிறான். அன்று கோபத்தில், இருட்டில், கரையிலிருந்து வெகுதூரம் போகிறான். பெரிய மீன் மாட்டியபோது கை கொடுக்க ஒருத்தர்கூட இல்லை. கடலம்மாவை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தச் சாவு நடந்திருக்கும். நம்பிக்கை கொல்லவில்லை, அதை நம்பிய ஊர் கொன்றது என்றும் படிக்க இடமிருக்கிறது.

அரிஸ்டாட்டில் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஓர் உதாரணம் சொல்கிறார். ஆர்கோஸ் நகரில் மிட்டிஸ் என்பவனின் சிலை, அவனைக் கொன்றவன் மேலேயே விழுந்து அவனைச் சாகடித்தது. தற்செயல்தான். ஆனால் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது, ஏதோ நோக்கம் இருக்கிறது என்றே படும். அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள்தான் அதிக வியப்பூட்டும் என்கிறார். தகழி அந்த இடத்தில்தான் கதையை நிறுத்தியிருக்கிறார். காரணங்கள் எல்லாம் மண்ணில் இருக்கின்றன, நேரம் மட்டும் தெய்வத்தின் கணக்குப் போல விழுகிறது.

இதை ஏற்றுக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு இதில் பாதித் திருப்திதான். கருத்தம்மாவுக்குக் குடும்பமும் ஊரும் செய்ததைவிட, அவள் ஒரு இரவு செய்ததற்குத்தான் கதை பெரிய விலை வைக்கிறது என்ற உறுத்தல் ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிறது. லேசாகாமல் கோபம் வந்தவர்கள் நாவலைச் சரியாகப் படிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முடிவு நியாயமாகப் படாத வாசகருக்கு இரக்கம் கோபமாகத் திரும்புவது இயல்பு.

அப்படியானால் லேசாக்கும் முடிவுக்கும் வெறுமனே வதைக்கும் முடிவுக்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

புத்தகத்தை மூடிய பிறகு மனதில் எது சுற்றுகிறது என்று கவனியுங்கள். “அட, வேறு எப்படி முடிந்திருக்கும்?” என்று தோன்றினால் முடிவு கதைக்குள்ளிருந்து வந்திருக்கிறது. “ஏன் இப்படிச் செய்தார்?” என்று எழுத்தாளரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தால், வெளியிலிருந்து யாரோ ஒரு லாரியை ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். தொலைக்காட்சித் தொடரில் திடீரென்று வரும் விபத்துக்கும் நாம் அழுகிறோம், ஆனால் அந்த அழுகை ஓய்ந்ததும் ஏமாந்த உணர்வுதான் நிற்கும்.

“நம் கஷ்டம் பரவாயில்லை” என்று தோன்றுவதால் வரும் நிம்மதிதானே இது? கொஞ்சம் சுயநலமாக இருக்கிறதே.

அமெரிக்காவில் 2012 வாக்கில் இதையே சோதித்தார்கள். முன்னூற்று அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு, போரால் பிரிந்த காதலர்கள் செத்துப்போகும் ஒரு படத்தைச் சுருக்கிக் காட்டினார்கள். படத்துக்குப் பிறகு தங்களுக்கு வேண்டியவர்களை நினைத்துக்கொண்டவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. “என் வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை” என்று தன்னை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

ஆக, நாவல் முடிந்ததும் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடத் தோன்றினால் அதில் சுயநலம் ஒன்றுமில்லை. பஞ்சமியை நினைத்துப் பாருங்கள். கருத்தம்மாவின் தங்கை. முடிவில் அக்காவின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் அழுதபடி நிற்பது அவள்தான். செத்தவர்களைவிட அவளைப் பற்றித்தான் வாசகர்கள் அதிகம் கேட்கிறார்கள்: அவள் என்ன ஆவாள்? தகழி சொல்லவில்லை. இந்த இடத்தில் நாவல் முழுதாக மூடவில்லை, மூடியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

நம் இலக்கணத்தில் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம் வேறு கோணத்தில். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது, அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, இல்லாமை. பரீக்குட்டியை வைத்து இதைச் சரிபார்க்கலாம். ஏமாற்றப்பட்டு இளிவு, காதலியைக் கொடுத்து இழவு, வியாபாரி என்ற நிலை கெட்டு அசைவு, கடைசியில் வறுமை. நான்கும் அவன் ஒருவன் தலையில். பழனிக்காகவும் வருந்துகிறோம், ஆனால் பெரும்பாலோர் கண்ணீர் பரீக்குட்டிக்காக வருவது ஏன் என்று இதிலிருந்து கொஞ்சம் விளங்கும்.

ஆனால் அந்தச் சூத்திரம் அழுகை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறதே தவிர, அழுத பின் என்ன ஆகிறது என்று சொல்வதில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் வடமொழிக் காவியவியலார். காஷ்மீரத்து அபிநவகுப்தர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னதன் சாரம் இது: மேடையில் பார்க்கும் துயரம் என்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை, யாருக்கும் சொந்தமில்லாத துயரம். சொந்தம் விட்டுப்போனதால்தான் அதைச் சுவைக்க முடிகிறது. சொந்தத் துயரம் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கடன் வாங்க வேண்டும். கருத்தம்மாவுக்காக நாம் எதுவும் செய்ய முடியாது, அவளை உணர்வது ஒன்றுதான் முடியும். அந்த உணர்வை முழுதாக அனுபவிக்க அதனால்தான் இடம் கிடைக்கிறது.

போன மாதம் அம்மா தவறிவிட்டார். இந்த நாவலில் சக்கி சாகும் இடத்தோடு நிறுத்திவிட்டேன். தொடர்ந்து படித்தால் ஆறுதல் வருமா?

இப்போது வேண்டாம். மேலே சொன்ன அந்த விலகல் உங்களுக்கு இன்னும் கிடைத்திருக்காது. சக்கி சாகும்போது மகள் பக்கத்தில் இல்லை, போகவும் முடியவில்லை. அது உங்களுக்கு நாவலாகப் படாது, உங்கள் வீட்டிலேயே நடப்பதாகப் படும். அழுகை வரும், இறங்காது. பத்தில் ஒருவர் மோசமாகிறார் என்று சொன்னேனே, அந்தப் பக்கம் விழ வாய்ப்பு அதிகம்.

எப்போது படிக்கலாம் என்றால், சக்கியின் பக்கங்களைப் படிக்கும்போது சக்கியைப் பற்றியே கொஞ்ச நேரம் யோசிக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வரிக்குள் அம்மாவிடம் போய்விடுகிறது என்றால் மூடி வைத்துவிடுங்கள், புத்தகம் எங்கும் போகாது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது நாவலால் ஆகிற காரியமில்லை.

படம் பார்த்திருக்கிறேன். அதுவே போதாதா?

ராமு காரியாட் 1965-இல் எடுத்த படம் நல்ல படம்தான், குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கியது. ஆனால் படம் தன் வேகத்தில் ஓடுகிறது, திரையரங்கில் விளக்கு போட்டதும் எழுந்து வெளியே வந்தாக வேண்டும். நாவலில் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நீங்களாக நிறுத்தலாம், தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், பழனி சுறாவோடு போராடும் பக்கத்தை இரண்டு தடவை படிக்கலாம். ஒரு யோசனை மட்டும்: அந்த அத்தியாயத்தைப் பஸ்ஸில் படிக்காதீர்கள். இறங்கும் இடம் வந்து பாதியில் மூட வேண்டிவந்தால் தவிப்பு மட்டும் மிஞ்சும், முடிவு கிடைக்காது. முடித்த பிறகும் ஒரு மணி நேரமாவது கையில் இருக்கட்டும், உடனே போனை எடுத்து வேறு எதையும் பார்க்க ஆரம்பிக்காதீர்கள்.